ஏலத்தோட்ட முதலாளிக்குப் புரியும்படி மென்பொருள் அறிமுகத் தாள் எழுதுவது எப்படி

கம்பம், போடி, தேனிப் பக்கம் சின்னச் சின்ன மென்பொருள் நிறுவனங்கள் வந்துவிட்டன. அவர்கள் விற்கப் போவது பெரும்பாலும் மலைமேல்தான்: வண்டன்மேடு, நெடுங்கண்டம், சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதி ஏலத்தோட்டங்களுக்கும் காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கும். தோட்டம் கேரளத்தில் இருந்தாலும் முதலாளிகளில் பலர் தமிழர். வீடும் கணக்கும் அடிவாரத்தில். அவர்களுக்குக் கொடுக்கும் ஒரு பக்க அறிமுகத் தாளை எழுதும் வேலை பொதுவாக நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் விழும். இந்தக் கட்டுரை அவருக்கு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தத் தாளை முதலாளி படிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். கணக்கர் கையில் கொடுத்தது அவர் மூலம் மேலே போகும், அல்லது வாட்ஸ்ஆப்பில் போகும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு முதலாளி போனில் விரித்துப் பார்ப்பார். 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்க ஆளில்லை. புரியாத மூன்றாவது வரியில் மூடிவிடுவார். மறுநாள் கணக்கரிடம், "பையனைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். பையன் பெங்களூருவில் இருப்பான். அதோடு பேச்சு நின்றுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு அதையே கடைசிவரை வேலைசெய்து பார்ப்போம். மென்பொருள் செய்யும் வேலை இது: காயெடுப்பு ஆட்கள் கொண்டுவரும் பச்சைக்காயை எடைபோட்டு ஆள்வாரியாகப் போனில் பதிவது, ஸ்டோருக்குப் போன பச்சைக்காயையும் உலர்ந்து வந்த காயையும் ஒப்பிடுவது, புற்றடி, போடி ஏல மையங்களுக்கு அனுப்பிய லாட், விற்ற விலை, வரவேண்டிய பணம் ஆகியவற்றைக் காட்டுவது, கணக்கை டேலிக்கு அனுப்புவது. புரோகிராமர்கள் எழுதிக் கொடுத்த தாள் இப்படி இருக்கிறது:

> ஏலக்காய் வேல்யூ செயினுக்கான எண்ட்-டு-எண்ட் கிளவுட் ஈஆர்பி சொல்யூஷன்
> • ரியல்-டைம் டேஷ்போர்டு வழியே முழுமையான விசிபிலிட்டி
> • ஆஃப்லைன்-ஃபர்ஸ்ட் மொபைல் ஆப், ஆட்டோ சிங்க்
> • சீம்லெஸ் டேலி இன்டக்ரேஷன்
> • 99.9% அப்டைம் எஸ்எல்ஏ
> • 256-பிட் என்கிரிப்ஷன், ரோல்-பேஸ்டு ஆக்சஸ்
> • ஸ்கேலபிள் ஆர்கிடெக்சர்

இதைப் பார்த்ததும் புதியவர் செய்வது, அகராதியை எடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் போடுவது. 'நிகழ்நேர முகப்புப்பலகை', 'தடையற்ற ஒருங்கிணைப்பு' என்று வரும். முன்னே இங்கிலீஷில் புரியாதது இப்போது தமிழில் புரியாது, அவ்வளவுதான். இந்தச் சொற்கள் எதை மறைத்து வைத்திருக்கின்றன என்று தோண்டி எடுப்பதுதான் வேலை. அதற்குப் பேனாவைவிடக் கேள்விதான் முதலில் வேண்டும்.

முதல் படி: தாளை மூன்றாகக் கோடிடுங்கள்

தாளை அச்செடுத்து, முதலாளி தன் வாயால் சொல்லும் சொற்களை முதலில் வட்டமிடுங்கள். மேலே உள்ள தாளில் அப்படி இரண்டே சொற்கள் இருக்கின்றன: ஏலக்காய், டேலி. மொபைலையும் சேர்த்தால் மூன்று. இதுவே தாளின் கதையைச் சொல்லிவிடும்.

அடுத்து, பின்னால் ஓர் உண்மையான வசதி இருக்கும் சொற்களின் கீழே கோடு போடுங்கள். ஆஃப்லைன்-ஃபர்ஸ்ட், இன்டக்ரேஷன், அப்டைம், என்கிரிப்ஷன், ரோல்-பேஸ்டு எல்லாம் இதில் வரும். இவற்றை அடித்துவிடக் கூடாது. முதலாளி பணம் கொடுக்கப் போவது இவற்றுக்குத்தான்.

மிச்சமிருப்பவை வெறும் ஜிகினா. எண்ட்-டு-எண்ட், சொல்யூஷன், சீம்லெஸ், முழுமையான விசிபிலிட்டி. இவற்றை எடுத்துவிட்டால் எந்தத் தகவலும் குறையாது. சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை: அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். சீம்லெஸ் என்றால் தையல் தெரியாதது. 'தையல் தெரிகிற டேலி இணைப்பு' என்று எவனாவது விளம்பரம் செய்வானா? மாட்டான். அப்படியென்றால் அந்தச் சொல் எதையும் வேறுபடுத்திக் காட்டவில்லை. அடித்துவிடுங்கள்.

ஸ்கேலபிள் ஆர்கிடெக்சர் என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தோட்டக்காரருக்கு அதில் ஒரே ஒரு கேள்விதான் உண்டு: 'இப்ப ஒரு தோட்டம் இருக்கு, நாளைக்கு இன்னொன்று வாங்கினால் எவ்வளவு கூடக் கட்டணும்?' அதற்குப் பதில் விலைப் பகுதியில் ஒரு வரி. மற்றது தேவையில்லை.

இரண்டாம் படி: எழுதுவதற்கு முன் புரோகிராமரிடம் உட்காருங்கள்

கோடிட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு கேள்வி. யார் செய்கிறார்? எதைச் செய்கிறார்? எப்போது நடக்கிறது? எப்போது நடக்காது? நான்காவது கேள்விதான் தாளைக் காப்பாற்றும். புரியாத சொல் இருக்கும்வரை யாரும் அதைப் பிடித்து உலுக்க மாட்டார்கள். எளிய சொல்லில் எழுதிவிட்டால் அது வாக்குறுதியாகிவிடும். முதலாளி அதை நினைவில் வைத்திருப்பார்.

ரியல்-டைமையும் ஆஃப்லைன்-ஃபர்ஸ்ட்டையும் சேர்த்து எடுங்கள், ஏனென்றால் அவை ஒன்றோடொன்று முட்டுகின்றன. ஏலத்தோட்டம் மரநிழலில் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் சிக்னல் கிடைக்காது. சூப்பர்வைசர் எடையைப் போனில் பதிவார். அது போனிலேயே இருக்கும். சிக்னல் வரும் இடத்துக்கு அவர் ஏறி வந்ததும் மேலே போகும். இதுதான் ஆஃப்லைன்-ஃபர்ஸ்ட். அப்படியென்றால் முதலாளி உத்தமபாளையத்தில் உட்கார்ந்து பார்க்கும் எண் அந்த நொடியின் எண் அல்ல. ரியல்-டைம் என்பதை 'உடனுக்குடன்' என்று தமிழாக்கிவிட்டால், மதியம் இரண்டு மணிக்குப் பார்த்துவிட்டு "இன்னைக்கு ஆளே வரலையா?" என்று சூப்பர்வைசரைத் திட்டுவார். குற்றம் சூப்பர்வைசர் மீது இல்லை, தாளின் மீது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். இந்தத் தொழிலுக்கு அந்த நொடி எண் தேவையே இல்லை. பச்சைக்காய் டிரையரில் ஏறி உலர்ந்து இறங்கக் கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும். முதலாளி கேட்பது, இன்றைக்கு எவ்வளவு காய் வந்தது, நேற்றைய காய் எவ்வளவாக இறங்கியது என்ற இரண்டே எண்கள். அவை சாயங்காலத்துக்குள் கிடைத்தால் போதும். ஆகவே 'சாயங்காலம் ஆட்கள் ஜீப் ஏறுவதற்குள்' என்று எழுதினால் உண்மையாகவும் இருக்கும், அவர் நாளோடும் ஒட்டும். கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஆட்கள் இறங்கும் நேரம் அவருக்கு மனப்பாடம்.

நான்காவது கேள்வியைக் கேளுங்கள்: எப்போது நடக்காது? சிக்னல் கிடைக்காமலே போன் ஓடையில் விழுந்தால் என்ன ஆகும்? கடைசியாகச் சிக்னல் கிடைத்ததற்குப் பிறகு பதிந்தவை போய்விடும். ஒரே ஆளின் எடையை இரண்டு போனில் பதிந்தால்? இரண்டு பதிவும் வந்து நிற்கும், அல்லது ஒன்று மற்றதை அழிக்கும். எது என்று புரோகிராமர் சொல்லட்டும். அவர் 'அது ஆட்டோமேட்டிக்கா ஹேண்டில் ஆயிடும்' என்றால் விடாதீர்கள். உட்கார்ந்து இரண்டு போனை வைத்து, இரண்டிலும் ஏரோப்ளேன் மோடு போட்டு, ஒரே ஆளுக்கு 12 கிலோ, 14 கிலோ என்று பதிந்து, பிறகு இணையத்தைத் திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. திரையில் என்ன வருகிறதோ அதைத் தாளில் எழுதுங்கள்.

டேலி இணைப்பு எல்லா மென்பொருள் தாளிலும் வரும், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு பொருள். ஓரிடத்தில் எக்செல் கோப்பாக இறக்கிக் கணக்கரே டேலியில் ஏற்ற வேண்டும். இன்னோர் இடத்தில் மென்பொருள் நேராக டேலிக்குப் பதிவை அனுப்பும். அதற்கு டேலி இருக்கும் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், டேலியில் தோட்டத்தின் கம்பெனிக் கணக்கு திறந்திருக்க வேண்டும், டேலியின் அமைப்பில் வெளியிலிருந்து பதிவு வாங்கும் வழி திறந்து வைத்திருக்க வேண்டும் (வழக்கமாக 9000 என்ற போர்ட்). இரண்டையும் விற்பவர்கள் 'இன்டக்ரேஷன்' என்றுதான் சொல்கிறார்கள். கணக்கருக்கு இரண்டும் மலையும் மடுவும்.

புரோகிராமரிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒருவழியா, இருவழியா? டேலியில் கணக்கர் ஒரு தொகையைத் திருத்தினால் அது மென்பொருளுக்குத் திரும்பி வருமா? பெரும்பாலும் வராது. அடுத்தது, அனுப்பிய பதிவை மென்பொருளில் திருத்தி மறுபடி அனுப்பினால், பழையது மாறுமா, இரண்டாவது வவுச்சர் விழுமா? இரண்டாவது விழுந்தால் வருட முடிவில் ஆடிட்டர் முன்னால் கணக்கர்தான் நிற்க வேண்டும். கணக்கர் மனத்தில் இந்தப் பயம் ஏற்கெனவே இருக்கிறது. தாளை முதலாளியிடம் கொண்டுபோவது அவர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

99.9 என்ன சொல்கிறது

இந்த எண்ணுக்குத் தனி இடம் கொடுக்கிறேன். படிப்பவர் எல்லோருமே இதைப் பார்த்து 'ஏறக்குறைய நூறு' என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கணக்குப் போடுங்கள். 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம். அதில் 0.1 சதவீதம் என்றால் 43 நிமிடம். வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம். 99 சதவீதம் என்று போட்டிருந்தால் மாதத்துக்கு 7 மணி 12 நிமிடம் நிற்கலாம். ஒன்பதுகளை எண்ணுவதைவிட நிமிடத்தைச் சொன்னால் முதலாளிக்கு உடனே அளவு தெரியும்.

ஆனால் நிமிடத்தைச் சொல்வதோடு முடியாது. ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். முன்கூட்டி அறிவித்துச் செய்யும் பராமரிப்பு நேரம் பெரும்பாலும் இந்த 43 நிமிடத்தில் சேராது. தாண்டினால் கிடைப்பது நஷ்டஈடு அல்ல, வழக்கமாக அடுத்த மாதக் கட்டணத்தில் ஒரு கழிவு. 'எஸ்எல்ஏ' என்ற மூன்றெழுத்துக்குள் இதெல்லாம் சுருண்டு கிடக்கிறது. முதலாளி கவலைப்படுவதோ வேறொன்றுக்கு: சாயங்காலம் எடை போடும் நேரத்தில் உங்கள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் நூறு ஆள் வரிசையில் நிற்பார்களே, என்ன செய்வது? பதில் மேலே ஏற்கெனவே வந்துவிட்டது. பதிவு போனிலேயே நடக்கிறது; உங்கள் சர்வர் நின்றாலும் எடை போடுவது நிற்காது; முதலாளி பார்க்கும் எண்தான் தாமதமாகும். இந்த ஒரு வாக்கியம் 99.9-ஐவிட அவருக்குப் பெரிது. தாளில் இதை முதலிலும் நிமிடக் கணக்கைப் பின்னாலும் வையுங்கள்.

பூட்டு எத்தனை பிட் என்று அவர் கேட்கவில்லை

256-பிட் என்கிரிப்ஷன் பொய்யில்லை. ஆனால் தோட்டக்காரர் கேட்கும் கேள்விக்கு அது பதிலும் இல்லை. ஸ்டோரில் எத்தனை கிலோ தேங்கியிருக்கிறது என்பது வியாபாரிக்குத் தெரிந்தால் விலை பேசும்போது முதலாளி கை தாழ்ந்துவிடும். அவர் கேட்பது: "என் ஸ்டாக்கு அடுத்தவனுக்குத் தெரியுமா தம்பி? உங்க ஆபீஸ்ல யாரு பார்ப்பாங்க?" இதற்கு நேரான பதிலை எழுதுங்கள். சூப்பர்வைசர் எடை மட்டும் பார்ப்பார், விலை தெரியாது. கணக்கர் இரண்டையும் பார்ப்பார். நிறுவனத்து ஆள் கோளாறு சரிசெய்யும்போது முதலாளி அனுமதி கொடுத்தால் மட்டும் பார்ப்பார். கடைசி வரி உண்மையாக இல்லாவிட்டால், அதாவது உங்கள் ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடியும் என்றால், தாளை மாற்றுவதற்கு முன் மென்பொருளை மாற்றச் சொல்லுங்கள். ஜார்கன் எடுக்கிற வேலையில் இது அடிக்கடி நடக்கும்: எளிமையாக எழுத முடியாத வரிக்குப் பின்னால், இன்னும் முடிவெடுக்காத ஒரு விஷயம் இருக்கும்.

எதை மாற்றக் கூடாது

லாட், ஸ்டோர், டிரையர், பச்சைக்காய், டேலி, இ-வே பில், ஜிஎஸ்டி. இவை வெளியூர்க்காரருக்கு ஜார்கன். இந்த முதலாளிக்கு வீட்டுப் பேச்சு. இ-வே பில்லை நல்ல தமிழில் எழுதுகிறேன் என்று 'மின்வழிச் சீட்டு' ஆக்கினால் அவர்தான் திணறுவார். வண்டன்மேட்டிலிருந்து போடிக்குக் காய் இறங்கினால் மாநில எல்லை கடக்கிறது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் என்பது பொது விதி. கிலோ 2,500 என்று வைத்துக்கொண்டால் 20 கிலோவிலேயே அந்தத் தொகை வந்துவிடும். அவர் தினமும் புழங்கும் சொல் அது. தாளில் எழுத வேண்டியது அதன் விளக்கத்தை அல்ல. உங்கள் மென்பொருள் இ-வே பில்லைத் தானே எடுத்துத் தருமா, அல்லது வேறிடத்தில் எடுத்த எண்ணைக் குறித்துவைக்க மட்டும் இடம் தருமா என்பதை. 'ஜிஎஸ்டி கம்ப்ளையன்ட்' என்று எழுதினால் இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதை விற்றதாக ஆகும்.

கேரளத்து முதலாளி மலையாளம் படிப்பவர் என்றால் அவருக்கு மலையாளத்தில் தனித் தாள். இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று இங்கிலீஷுக்குத் திரும்பினால் செய்த வேலை வீண்.

மூன்றாம் படி: எழுதுங்கள்

வரிசை முக்கியம். முதலாளி ஏற்கெனவே சுமக்கும் கேள்வி முதலில், மென்பொருள் என்ன செய்யும் என்பது இரண்டாவது, அவர் பக்கம் என்ன வேண்டும், என்ன செய்யாது, விலை, விட்டுப் போனால் என்ன. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு மனிதர் ஏதோ ஒன்றைச் செய்ய வேண்டும். 'பதிவு மேலாண்மை மேற்கொள்ளப்படுகிறது' என்று எழுதினால் செய்பவர் காணாமல் போய்விடுகிறார். 'சூப்பர்வைசர் பதிவார்' என்றால் அடுத்த கேள்வியே எழாது.

முதலாளி சுமக்கும் கேள்வி எது என்று எப்படித் தெரியும்? ஏலத்தோட்டத்தில் அது பச்சைக்கும் உலர்ந்ததற்கும் நடுவில் இருக்கிறது. சுமார் ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்காய் என்பது பொதுவான கணக்கு. முற்றின காயென்றால் கொஞ்சம் கூடும், இளங்காய் என்றால் குறையும். 100 கிலோ ஏறி 17 கிலோ இறங்கினால் காரணம் இளங்காய் பறித்ததா, எடையில் பிசகா, இடையில் குறைந்ததா என்று முதலாளி மண்டையைக் குடைந்துகொண்டிருப்பார். தாளின் தலைப்பு அதுவாகவே இருக்கட்டும்.

மாற்றி எழுதிய தாள்:

> ஸ்டோருக்கு ஏறின பச்சைக்காய் எவ்வளவு, உலர்ந்து இறங்கினது எவ்வளவு: தினமும் சாயங்காலம் உங்கள் போனில்
>
> சூப்பர்வைசர் ஒவ்வோர் ஆளின் காயையும் எடைபோட்டுப் போனில் பதிவார். சிக்னல் இல்லாத இடத்திலும் பதியலாம். சிக்னல் வந்ததும் தானாக வந்து சேரும். ஸ்டோரில் ஏறின எடையையும் இறங்கின எடையையும் அங்கிருப்பவர் பதிவார். சாயங்காலம் ஆட்கள் ஜீப் ஏறுவதற்குள் இரண்டையும் நீங்கள் பார்க்கலாம். இறங்கின எடை வழக்கத்தைவிடக் குறைந்தால் அந்த வரி சிவப்பாகத் தெரியும். ஏன் குறைந்தது என்பதை மென்பொருள் சொல்லாது.
>
> புற்றடிக்கும் போடிக்கும் போன லாட், விற்ற விலை, வந்த பணம், வரவேண்டிய பணம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். இவற்றை உங்கள் கணக்கர் பதிவார்.
>
> டேலி: கணக்கர் நாளுக்கு ஒருமுறை ஒரு பொத்தானை அழுத்தினால் அன்றைய கூலியும் விற்பனையும் டேலிக்குப் போகும். அப்போது டேலி உள்ள கணினியில் உங்கள் கம்பெனி திறந்திருக்க வேண்டும். ஒரே பதிவு இரண்டு முறை விழாது. டேலியில் செய்யும் திருத்தம் இங்கே திரும்பி வராது.
>
> யார் எதைப் பார்க்கலாம்: சூப்பர்வைசருக்கு எடை மட்டும். கணக்கருக்கு எடையும் பணமும். எங்கள் ஆட்கள் உங்கள் அனுமதியோடு மட்டும்.
>
> எங்கள் கணினி நின்றால்: எடை போட்டுப் பதிவது நிற்காது, நீங்கள் பார்ப்பது தாமதமாகும். மாதத்தில் மொத்தம் 43 நிமிடத்துக்கு மேல் நின்றால் அடுத்த மாதக் கட்டணத்தில் கழிவு உண்டு. முன்னரே சொல்லிவிட்டுச் செய்யும் பராமரிப்பு நேரம் இதில் சேராது. போன் தொலைந்தால், கடைசியாகச் சிக்னல் கிடைத்ததற்குப் பிறகு பதிந்தவை மட்டும் போய்விடும்.
>
> உங்களிடம் இருக்க வேண்டியது: ஆண்ட்ராய்டு போன் இரண்டு, எடைத் தராசு ஒன்று. பழைய தராசே போதும். எடையைக் கையால் பதியலாம்.
>
> இ-வே பில் எடுத்துத் தராது. எண்ணைக் குறித்துவைக்கலாம்.
>
> ஒரு தோட்டத்துக்கு மாதம் 3,540 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்து. கூடுதல் தோட்டம் ஒவ்வொன்றுக்கும் 1,770 ரூபாய். நிறுத்த வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும். உங்கள் கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாகக் கொடுத்துவிடுவோம்.

விலை, வசதிகள் எல்லாம் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் மென்பொருளில் இருப்பதை எழுதுங்கள். ஜிஎஸ்டியைச் சேர்த்தே எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு: 3,000 என்று போட்டு ஓரத்தில் 'வரி தனி' என்றால், ஜிஎஸ்டி பதிவு இல்லாத தோட்டக்காரருக்கு அந்த 540 ரூபாய் எங்கேயும் திரும்பி வராது. அவர் கையை விட்டுப் போவது 3,540. அந்த எண்ணைத்தான் அவர் பார்க்க வேண்டும்.

'இ-வே பில் எடுத்துத் தராது' என்ற வரியை விற்பனைக்காரர் எடுக்கச் சொல்வார். 'ஏன் குறைந்தது என்பதை மென்பொருள் சொல்லாது' என்ற வரியையும்தான். விடாதீர்கள். செய்யாததைச் சொல்லும் வரிகள் இருப்பதால்தான் செய்வதாகச் சொல்லும் வரிகளை முதலாளி நம்புவார். இந்த ஊர்களில் ஒருவர் வாங்கினால் அடுத்த தோட்டக்காரர் அவரைத்தான் முதலில் கேட்பார்.

எறிந்ததைச் சேர்த்துவைக்கும் இடம்

256-பிட், சர்வர் எங்கே இருக்கிறது, காப்புப் பிரதி எத்தனை நாளுக்கு ஒருமுறை, டேலியின் எந்தப் பதிப்போடு வேலைசெய்யும்: இவை வேண்டாத தகவல் அல்ல. பெங்களூருப் பையனுக்கும் ஆடிட்டருக்கும் வேண்டும். தனித் தாளில் அவர்கள் மொழியிலேயே எழுதி, முதல் தாளின் அடியில் 'தொழில்நுட்ப விவரம் தனித் தாளில்' என்று ஒரு வரி போடுங்கள். இருவருக்கும் ஒரே தாளில் எழுதப் பார்த்தால் இருவருமே படிக்க மாட்டார்கள்.

நான்காம் படி: சோதித்துப் பாருங்கள்

அலுவலகத்தில் இருப்பவரிடம் காட்டி "புரியுதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "புரியுது" என்றுதான் சொல்வார்கள். மென்பொருளைப் பார்த்தேயிராத, ஆனால் தோட்டம் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். வேலையை விட்டு ஓய்ந்த கணக்கர், ஸ்டோர் வைத்திருக்கும் சித்தப்பா, யாராவது. தாளைக் கொடுத்து அவர் வேகத்தில் படிக்க விடுங்கள். பிறகு தாளை வாங்கி மடித்துவைத்துவிட்டுக் கேளுங்கள்: "இது வந்தா திங்கட்கிழமை காலைல சூப்பர்வைசர் என்ன செய்யணும்?" "சிக்னல் இல்லைன்னா?" "மாசம் எவ்வளவு கட்டணும்?" "இது எதைச் செய்யாது?"

பதில் தப்பாக வந்தால் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். உங்கள் வாய் தாளோடு மலைமேல் போகப் போவதில்லை. எந்த வரி அப்படி எண்ண வைத்தது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள தாளில் 'தானாக வந்து சேரும்' என்பதை ஒருவர் 'சிக்னல் இல்லாமலே வந்து சேரும்' என்று படித்துக்கொள்ளக்கூடும். அப்படி வந்தால் அந்த வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். மூன்று பேரிடம் கேட்டாலே பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும். அவர்கள் பதில் சொல்லும்போது உங்கள் சொல்லை விட்டுவிட்டு வேறொரு சொல்லைப் போட்டால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதுதான் தாளில் இருக்க வேண்டிய சொல்.

வாக்கிய நீளத்தையும் அசையையும் எண்ணி எளிமைக்கு மார்க் போடும் கருவிகள் இணையத்தில் கிடைக்கும். அவை இங்கிலீஷுக்காகச் செய்தவை. 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற ஒரே சொல்லைக் கடினம் என்று சொல்லிவிடும். எந்தப் பாட்டியும் அதில் தடுக்கி விழ மாட்டார். அந்த மார்க்கை நம்ப வேண்டாம்.

கடைசியாக அச்சு விஷயம். தாளைக் கணினியில் A4 பக்கமாகப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். பிடிஎஃப் ஆக்கி உங்கள் போனுக்கே அனுப்பி, பெரிதாக்காமல் படித்துப் பாருங்கள். இடம் வலமாக இரண்டு பத்தியாகப் பிரித்து அச்சிட்ட தாள் போனில் மேலும் கீழும் இழுக்க வைக்கும். ஒற்றைப் பத்தியே நல்லது. அச்சகத்தில் கொடுத்தால் யூனிகோடு எழுத்துருவில்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்ஆப்பில் ஒட்டினால் எழுத்தெல்லாம் கோணல்மாணலாக வரும். கணக்கர் அந்த ஒரு வரியைத்தான் முதலாளிக்கு அனுப்பப் பார்ப்பார்.